ஒரு சாண் கருமண்

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஈஸ்வரியின் வயல் மேடாக இருந்ததால் வாய்க்கால் தண்ணீர் ஏறவில்லை. ஓரடி மண்ணை வெட்டி லாரியில் அனுப்பிவிடலாம் என்றார் கணவர் ஆதிநாராயணன். ஈஸ்வரி முதலில் ஆளுயரக் குழி தோண்டச் சொன்னாள்.

குழியின் சுவரில் மேலே ஒரு சாண் கருமண், வேர்கள் நிறைந்து. அதன்கீழே வெளிறிய களி, அப்புறம் சரளை, அடியில் கையால் பொடிக்க முடிந்த பாறை.

"அந்தப் பாறைதாங்க உளுத்து உளுத்து மண்ணாச்சு. மேல இருக்கிற இந்தச் சாண் சேர எத்தினி நூறு வருசம் ஆச்சோ! இதைக் குடுத்துட்டு வெறுங்களியில நட்டா இன்னா விளையும்?"

"அப்ப தண்ணிக்கு?"

"கருமண்ணை வழிச்சு ஓரமாக் குவிப்போம். களியில ஓரடி எடுத்துட்டு, மறுபடி பரப்புவோம்."

வேலை இரட்டிப்பானது. ஆதிநாராயணன் முணுமுணுத்தார், ஈஸ்வரி விடவில்லை, ஜேசிபி பக்கத்திலேயே நின்றாள். அந்தச் சம்பாவுக்குத் தண்ணீர் தானாகப் பாய்ந்தது. நட்ட நாற்று பச்சை பிடித்தது.