பூஜ்ஜியம் பர்சன்ட் மாரப்பன்

டாக்டர் திருமலைசாமிக்கு வாய் ரயில் வேகம். இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேபில் கையுறையைக் கழற்றியபடியே டேப் ரெக்கார்டரில் பேசிவிட்டுப் போய்விடுவார். அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிப்பது மெஹராஜ் ஆகிய என் வேலை. 97-இல் கோவையில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழல் வைத்துக்கொள்வதே ஒரு கௌரவம்.

சூலூர் விசைத்தறி முதலாளி மாரப்பனுக்கு அடித்தது இது: இடது பிரதான ரத்தக்குழாய், அடைப்பில்லை. இதயத்தின் முன்பக்கக் குழாய், நடுவில் 90 சதவீதம் அடைப்பு. பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தபின் 0. சுற்றுக்குழாய் 30, வலது குழாய் 40. இரண்டுக்கும் மருந்து மட்டும். இரண்டாம் பக்கத்தில் அறிவுரை: ஆஸ்பிரின் ஆயுள் முழுக்க, ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்க டிக்ளோபிடின் 250 காலையும் இரவும் நான்கு வாரம், இரண்டாம் வாரம் ரத்தப் பரிசோதனை.

வீட்டுக்குப் போன நாலாம் நாள் மனிதர் என் மேசை முன் வந்து நின்றார். கையில் லேமினேட் செய்த முதல் பக்கம்.

"ஏனுங்க அம்மணி, அந்த முப்பதையும் நாப்பதையும் கொஞ்சம் பூஜ்ஜியமாக்கிக் குடுங்க. ஆபீஸ்ல மாட்டோணும்."

"அதெல்லாம் மாத்த முடியாதுங்க. ரெண்டாம் பக்கம் எங்கீங்க?"

"அதுல பர்சன்ட்டே இல்லீங்களே. மேசைக்குள்ள கெடக்குது."

எனக்குச் சுருக்கென்றது. "மாத்திரை சாப்பிடறீங்களா?"

"பூஜ்ஜியத்துக்கு எதுக்குங்க மாத்திரை? மச்சானுக்குப் போன வருசம் எம்பது பர்சன்ட் அடைப்பு, வெறும் பலூனுதான். இன்னும் முப்பது பர்சன்ட் மிச்சமிருக்குதாம். பாவம்னு எல்லாத்தையும் அவருக்கே குடுத்துப்போட்டேன்."

இப்படியொரு தாராளத்தை நான் எங்கும் கண்டதில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சட்டை பட்டனைக் கழற்றி, "உங்க ரூம்ல ஃபேன் ஓடலீங்களா?" என்றார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முகமெல்லாம் வியர்வை, கை நெஞ்சின் மேல் இருந்தது.

நான் ஓடினேன். ஈசிஜி எடுத்த கையோடு மறுபடி கேத் லேபுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே வந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன்; முதலில் மச்சானுக்குப் போன் செய்து, அந்த மாத்திரையைத் தொடாதீர்கள் என்று கத்தினார். பிறகு டேப்பில் முதல்முறையாக நிதானமாகப் பேசினார்: மாத்திரை நின்றதால் புது ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து முழு அடைப்பு; பலூனால் திறந்ததில் மீதி 0; டிக்ளோபிடின் மறுபடி முதலிலிருந்து.

இந்த முறை அறிவுரையை முதல் பக்கத்தின் தலையில், கொட்டை எழுத்தில் அடித்தேன். ரத்தக்குழாயெல்லாம் அதற்குக் கீழேதான். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வார்டில் மாரப்பன் வெளுத்துப்போய்க் கிடந்தார். பிழைத்துக்கொண்டார் என்ற நிம்மதியில் எனக்கு அழுகை வந்தது. பேப்பரைப் பார்த்ததும் மெல்லக் கேட்டார்:

"இந்தவாட்டி எத்தனைங்க அம்மணி?"

"நூறுங்க. முழுசா அடைச்சிருந்துச்சு."

செத்துப் பிழைத்த முகத்தில் மெதுவாக ஒரு பெருமை படர்ந்தது.

"மச்சானுக்கு எம்பதுதானுங்க."