திரும்பி வந்தவர்கள்

ராஜபாளையத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராம்கி, தன் ஜோக்குகளுக்காகத்தான் யூடியூபில் தன் ரிப்பேர் வீடியோக்களுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று நம்பினான். வீடியோ எடுக்கும் மனைவி காளீஸ்வரி சேனலின் பார்வைக் கணக்கு ரிப்போர்ட்டைத் திறந்தாள்.

"நூத்துக்கு எழுபது பார்வை தேடி வந்ததுதான். தேடுனது, 'மோட்டார் உறுமுது, சுத்தல'. மோட்டார் சுத்துனதும் போயிருதாக போல. திரும்பி வாரவுக ரொம்பக் கம்மி."

அவன் முகம் வாடியது.

"ஒரு வீடியோவுக்கு மட்டும் பழைய ஆளுக நெறைய வந்திருக்காக."

ஆசையாக எட்டிப் பார்த்தான். கரண்டை நிறுத்தாமல் மோட்டார் கெப்பாசிட்டரைத் தொடப்போன அவனை அவள் திட்டிய வீடியோ அது. 'அக்கா, இன்னும் திட்டுங்க' என்றே கமெண்டுகள் இருந்தன.

மறுநாள் ராம்கி அவளிடம் மைக்கை நீட்டினான்.

"இன்னைக்கு எதுக்குத் திட்ட?" என்றாள்.

"காரணமா கிடைக்காது ஒனக்கு?"