கால் அங்குலக் கண்ணாடி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. புருசன்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முதலில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். பானையைத் தூக்குவார்கள், பிங்கானைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பார்கள், கட்டிலை ஆட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு நாளுக்காகத்தான் என் வாப்பா கொழும்பிலிருந்து கண்ணாடித் தட்டுக்குத் தாங்கிகள் வாங்கி வந்தார்.

வாப்பாவின் பெயர் ஸைனுலாப்தீன். மருதமுனையில் சாறன் துணி நெய்வித்து, கொழும்புக் கடைகளுக்கு ஏற்றிப்போய்க் கொடுத்துவிட்டு வருவார். அங்கே ஒரு வாசனைக் கடையில், சுவரில் கண்ணாடித் தட்டு அடித்து அதில் போத்தல்களை அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறார். அத்தர் அவர் கண்ணில் படவில்லை. தட்டுத்தான் பட்டது. வெள்ளி மாதிரி மினுங்க முலாம் பூசிய நாலு பித்தளைத் தாங்கிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப், கிளிப்பின் அடியில் ஒரு சின்னத் திருகாணி. சாறன் பொட்டலத்துக்குள் வைத்துப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்தார்.

கண்ணாடியை ஊரில் வாங்கலாம் என்று நினைத்தார். அங்கேதான் வில்லங்கம். கல்முனைக் கடைத்தெருவில் தடிப்பான கண்ணாடி வைத்து வெட்டிக் கொடுப்பவர் ஒருவர்தான். அவர் பெயர் றஊப். அவர்தான் எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை.

“மருமகன்ட கடையில போய் வெல கேக்கிறதா?” என்று வாப்பா உம்மாவிடம் கத்தினார். “அவன் காசி வாங்காட்டி எனக்கு வெக்கம். வாங்கினா அவனுக்கு வெக்கம். என்ன வேல இது?”

ஆக, பலகை விற்கிற மரக்காலையில் போய் ஜன்னல் கண்ணாடி வாங்கினார். அரைக்கால் அங்குலத் தடிப்பு. மூன்றடி நீளத்தில் இரண்டு துண்டு. வெட்டியவன் கூர் தேய்க்காமல், வெட்டிய கையோடு கொடுத்துவிட்டான். ஜன்னல் சட்டத்துக்குள் போகிற கண்ணாடிக்கு விளிம்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

தட்டைச் சுவரில் பூட்ட வந்தவர் பாண்டிருப்பு ஆசாரி வேலப்போடி. எங்கள் வீட்டுக் கதவு, கட்டில் எல்லாம் அவர் கைவேலை. கண்ணாடியைக் கிளிப்பின் வாய்க்குள் விட்டார். அது உள்ளே கிடந்து கடகடவென்று ஆடியது. கிளிப் கால் அங்குலக் கண்ணாடிக்கு என்று செய்தது. திருகாணியை முடியும் வரை முறுக்கினாலும் மெல்லிய கண்ணாடியை அது எட்டவில்லை.

“மொதலாளி, கண்ணாடி மெல்லிசா இரிக்கி” என்றார் வேலப்போடி.

“மட்டைய மடிச்சி வையுங்க” என்றார் வாப்பா.

மடித்த அட்டைப்பெட்டி மட்டையை இடுக்கி, பொருத்தியாகிவிட்டது. தாங்கிகளையும் இரண்டு ஓரத்திலும் கடைசி வரை தள்ளி அடிக்கச் சொன்னார் வாப்பா. அப்போதுதான் நடுவில் கண்ணாடி மட்டும் தெரிந்து, காற்றில் நிற்பதுபோல இருக்குமாம். உம்மா தன் பிங்கான்களையும் கோப்பைகளையும் அவற்றின் பீரிசுகளையும் அடுக்கினாள். நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். தட்டின் நடு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

“வாப்பா, கண்ணாடி வளையுது.”

“கண்ணாடி எங்கயாவது வளையுமா? ஒன்ட கண்ணுதான் வளைஞ்சிரிக்கி.”

எனக்குப் பயம் வந்தது. அது கோப்பைகளைப் பற்றிய பயம் இல்லை. எனக்கு மூத்த ராத்தாவின் மாப்பிள்ளை காலிதீன் மச்சான், கலியாணத்துக்கு முந்தி எங்கள் வாப்பா சொன்ன ஒரு சொல்லுக்காகக் கோபித்தவர். ஆறு வருசமாக ராத்தாவின் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்கிறார். வருகிற மனுசன் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு இளக்காரத்தோடு உள்ளே வந்தால் அது ஆயுசுக்கும் போகாது. எனக்கும் ஒரு சுவர்பார்த்த புருசன் வேண்டாம். அவ்வளவுதான் நான் அல்லாஹ்விடம் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளையின் ராத்தா சுபைறா, இரண்டு பெண்களோடு வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். கட்டிலை ஆட்டினாள், ஆடவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாள். முன் அறைக்கு வந்ததும் கண்ணாடித் தட்டின் முன்னால் நின்றுவிட்டாள். வாப்பா வாசலில் நின்று, பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

சுபைறா ஒரு பிங்கானைத் தூக்கக் கையை நீட்டினாள். விரல் தட்டின் விளிம்பில் உரசியது. ‘ஸ்’ என்ற சத்தம்தான் கேட்டது. புதுப் பாயில் இரத்தம் சொட்டியது.

உம்மா பதறிக்கொண்டு துணி தேட ஓடினாள். சுபைறா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. குனிந்து தட்டை அடியிலிருந்து பார்த்தாள், ஓரத்திலிருந்து பார்த்தாள். பிறகு மேலே இருந்த கோப்பை பீரிசு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைக்கத் தொடங்கினாள். வீடு பார்க்க வந்தவள் அடுக்கி வைத்த சாமானை இறக்கி வைப்பதை எங்கள் ஊரில் யார் கண்டது? அதோடும் விடவில்லை. வாப்பாவின் சாறன் தறிப் பக்கம் கிடந்த நூலில் ஒரு பாகம் பிய்த்து, தட்டின் நீளத்தையும் அகலத்தையும் பிடித்து முடிச்சுப் போட்டாள். கிளிப்பில் இடுக்கியிருந்த மட்டையை உருவி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நாங்க வாறம் மாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

வாப்பாவின் முகம் செத்துப்போனது. “மட்டைய எதுக்குக் கொண்டு போறா? கல்முன கடத்தெரு முழுக்கக் காட்டிச் சிரிக்கவா?” என்றார். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை. உம்மா பாயில் கிடந்த கோப்பைகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஒரு மட்டைத் துண்டுக்காக என் கலியாணம் குலைந்துவிட்டது என்றே நினைத்தேன். குலையாவிட்டால் இன்னும் மோசம், மாப்பிள்ளை இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார் என்றும் நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு மாட்டுவண்டி எங்கள் வாசலில் நின்றது. முன்னால் சுபைறா உட்கார்ந்திருந்தாள். பின்னால் வைக்கோலுக்கு நடுவில் சாக்குச் சுற்றிய ஏதோ இரண்டு. வேலப்போடியையும் வழியில் ஏற்றி வந்திருந்தாள்.

சாக்கை அவிழ்த்தாள். கால் அங்குலக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியை விட இரண்டு மடங்கு தடிப்பு. ஓரத்தில் பார்த்தால் கடல் தண்ணீர் மாதிரிப் பச்சை.

வாப்பா வாசற்படியை விட்டு நகரவில்லை.

“பொண் வீட்டாக்கள் மாப்பிள வீட்டுட்ட கை நீட்டுறல்ல. கொண்டு போங்க மகள்.”

“யாரு மாமா ஒங்களுக்குத் தந்த?” என்றாள் சுபைறா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. “அவன் குடியிரிக்கப் போற வீட்டுக்கு அவன் செஞ்சிரிக்கான். அதத் திருப்பி அனுப்ப ஒங்களுக்கு என்ன உரிம?”

வேலப்போடி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வாப்பா ஒதுங்கி வழிவிட்டார். அவர் வாழ்நாளில் யாருக்கும் அப்படி வழிவிட்டதை நான் கண்டதில்லை.

சுபைறா தம்பி சொல்லியனுப்பியதைச் சொன்னாள். ஒரு தட்டுக்கான தாங்கி இரண்டும் ஓரத்தில் நிற்கக் கூடாதாம். இரண்டையும் உள்ளே தள்ளி, கண்ணாடி இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டி நிற்க வேண்டுமாம். அப்போது நடுவில் பாரம் குறையுமாம். கண்ணாடி நேரே பித்தளையில் இருக்கக் கூடாது, இடையில் சைக்கிள் டியூப் துண்டு வைக்க வேண்டும். திருகாணியைக் கை சொன்ன அளவில் நிறுத்த வேண்டும், பலங்கொண்டு முறுக்கினால் வெடித்துவிடும். வெட்டிய டியூப் துண்டுகள் ஒரு கடதாசிப் பொட்டலத்தில் வந்திருந்தன.

“அந்த மட்டைய எதுக்குக் கொண்டு போன மகள்?” என்று உம்மா மெல்லக் கேட்டாள்.

“கிளிப்புக்குள்ள எவ்வளவு எடம் சும்மா கெடக்குதுண்டு அவனுக்குத் தெரிய வேணாமா மாமி? சொன்னா வெளங்குமா? மட்டையக் குடுத்தன், விரலால அமத்திப் பார்த்திட்டு, ‘ஜன்னல் கண்ணாடியோட சேத்தா கால் அங்குலம்’ எண்டான்.”

வாப்பா கூரையைப் பார்த்தார்.

வேலப்போடி சுவரில் புதிதாகத் துளை போட்டு, மரக்கட்டை அடித்து, தாங்கிகளைப் பூட்டத் தொடங்கினார். சத்தம் முன் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இரண்டும் உள் அறைப் பாயில் கிடந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பயந்து பயந்து முன் விளிம்பில் விரலை வைத்தேன். வெட்டவில்லை. விளிம்பின் கூர் இரண்டு பக்கமும் தேய்த்து எடுக்கப்பட்டு, மூலைகள் உருட்டப்பட்டு, வழவழவென்று இருந்தது.

“சாணக்கல்லும் தண்ணியும் வச்சி அஞ்சாறு நாளாத் தேச்சான்” என்றாள் சுபைறா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து. கட்டுப் போட்ட விரலைக் காட்டினாள். “இதப் பார்த்திட்டு ஒண்டும் கதைக்கல்ல. கடையப் பூட்டிட்டுத் தேய்க்கக் குந்திட்டான்.”

விரலை ஓட்டிக்கொண்டே போனேன். பக்க விளிம்புகளும் அப்படித்தான். பின் விளிம்பும் அப்படித்தான். அது சுவரோடு ஒட்டிப் போகிற பக்கம். பூட்டிய பிறகு யார் கையும் படாது, யார் கண்ணும் படாது. முன்னுக்கு எவ்வளவு தேய்த்திருந்தாரோ அதே அளவு அதையும் தேய்த்திருந்தார்.

“செவரோட போற பக்கத்த எதுக்கு மச்சி தேச்சிரிக்கார்?” என்று சுபைறாவிடம் கேட்டேன். அவரைப் பற்றி நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“நானும் கேட்டன் புள்ள. ‘கழட்டித் தொடைக்கிறது அவதானே’ எண்டான்.”

முன் அறையிலிருந்து வேலப்போடி கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டார். சுவரைப் பார்க்கிற மனுசனுக்குப் பயந்திருந்தேன். சுவர்ப் பக்கத்திலும் என் விரலை நினைத்த மனுசன் எனக்குக் கிடைத்திருக்கிறார் என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. சந்தோசம் தாங்காமல் சுபைறாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேருமாகக் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் வெறுங்கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.