வலப்பக்கப் பலகை

திங்கட்கிழமை காலை, தறியில் துணி தானாக வளர்கிறதோ என்ற சந்தேகத்தில், நெய்து நின்ற இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு மஹாலட்சுமி புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். மாலை வந்து பார்த்தால் நூலைத் தாண்டி நாலு விரற்கடை புதிதாக நெய்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. காலை ஒன்பதரைக்குப் பூட்டிய வீட்டை அவள் மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கிறாள். அந்தத் தறியில் உட்கார வேண்டிய அவள் புருஷன் அருள் செத்து நாலு மாதமாகிறது.

திருட வருகிறவன் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போவான், உட்கார்ந்து நெய்து வைத்துவிட்டா போவான்? மகள் அனுவிடம் இன்னொரு சாவி உண்டு. ஆனால் அவள் எட்டு மணி பஸ்ஸில் ஏனாத்தூர் கல்லூரிக்குப் போகிறவள், அப்பா போனதிலிருந்து தறிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவள். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். தறிக்குழியில் ஒருவர் உட்கார்ந்து, ஊடு நூல் சுற்றிய நாடாவை ஓட்ட, வலப்பக்கப் பலகையில் உதவியாளாக இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அருள் குழியிலும் அவள் பலகையிலுமாகப் பத்தொன்பது வருஷம் ஓடியது. ‘செத்தாலும் நான் பக்கப் பலகையில உக்கார மாட்டேன்’ என்று அவளைச் சீண்டுவது அவனுக்கு வாடிக்கை.

நெய்திருந்த நாலு விரற்கடையிலும் ஓர் இழைகூடப் பிசகவில்லை. ஒற்றை ஆள் வேலையே இல்லை அது.

வெள்ளிக்கிழமை தறியைப் பிரித்து எடுத்துப் போக வெங்கடேசன் வருவதாக இருந்தார். அருளுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொன்னவர் அவர்தான். இனி நெய்ய ஆளில்லை என்று மஹாலட்சுமியும் சரியென்று சொல்லியிருந்தாள். ஆனால் நெய்வது அருளாக இருந்தால் தறியை எப்படிக் கொடுப்பது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அரளவில்லை. அவனாக இருக்க வேண்டுமே என்று ஏங்கினாள். வெள்ளிக்கிழமைக்குள் அது தெரிந்தாக வேண்டும்.

செவ்வாய் மாலையே ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை அகலம்தான், போனில் அம்புக்குறியைத் தொட்டால் தலையைத் திருப்பிப் பார்க்குமாம். அது வீட்டு வைஃபையில் சேர மறுத்தது. சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்ததே தவிர, மூன்று தடவை முயன்றும் ‘கருவி கிடைக்கவில்லை’ என்றே போன் சொன்னது. அவளுடைய போனுக்கு அதே வைஃபை நன்றாக வந்தது. தன்னைப் பார்க்கக் கூடாதென்று அவன்தான் தடுக்கிறானோ என்று நினைத்தபோது முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, தெருவுக்கெல்லாம் இன்டர்நெட் இழுத்துக் கொடுக்கும் குருவை வரவழைத்தாள். அருளின் சாவுக்கு வந்து பாடை தூக்கியவன். வைஃபை பெட்டியை ஒரு பார்வை பார்த்தவுடனே சிரித்துவிட்டான்.

“பேயும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு மாசம் முன்னாடி நான் புதுப் பெட்டி மாட்டினேன் பாரு, அது ரெண்டு அலைவரிசை விடுது. ஒண்ணு ரெண்டரைக்குக் கிட்ட, இன்னொண்ணு அஞ்சு. ரெண்டுக்கும் ஒரே பேரு. உன் போனு அஞ்சுல போய் உக்காந்துக்கினு பாஸ்வேர்டைக் கத்துது. இந்தக் கேமராவுக்கு அஞ்சு காதுலயே விழாது.”

இரண்டையும் பிரித்து வேறு வேறு பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றான். பெட்டியின் அமைப்பைப் போனிலேயே திறந்து, இரண்டையும் ஒன்றாகக் காட்டும் வசதியை அணைத்தான். அஞ்சுக்கு இப்போதிருக்கும் பெயரே இருக்கட்டும், சின்னதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டான். அவள் யோசிக்காமல், பழைய பெட்டிக்கு அருள் வைத்திருந்த பெயரையே சொன்னாள்: அருள்தறி. பாஸ்வேர்டும் பழையதுதான், அனுவின் பிறந்த நாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான் பிறகு நடந்தது.

பெட்டி அணைந்து மறுபடி எரிந்தது. எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைக் குரு திறந்தான். கேமராவை இன்னும் அவன் தொடவே இல்லை. ஆனால் அருள்தறிக்குக் கீழே ஒன்று ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆங்கில எழுத்தில் ‘அருள்’ என்று இருந்தது.

குருவின் சிரிப்பு போய்விட்டது. “அக்கா, அண்ணன் போனு யாருகிட்ட இருக்குது?”

ஆஸ்பத்திரியிலேயே காணாமல் போய்விட்டது என்றாள்.

பழைய பெயரும் பாஸ்வேர்டும் போனின் நினைவில் இருந்திருக்கும், அந்தப் பெயர் மறுபடி கிளம்பியதும் தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குரு மெல்லிய குரலில் விளக்கினான். அதில் அதிசயமில்லை. ஆனால் சிக்னல் முழுசாக இருந்தது. போன் இந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது, யாரோ சார்ஜும் போட்டுவருகிறார்கள். அவளுடைய போனைச் சின்ன அலைவரிசைக்கு மாற்றிக் காட்டியதும் கேமரா இரண்டே நிமிஷத்தில் சேர்ந்துகொண்டது. போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே குரு கிளம்பிவிட்டான்.

அவள் பீரோ, பரண், அரிசி டின் எல்லாம் தேடினாள். அருள் கால் வைத்து உட்கார்ந்த தறிக்குழிக்குள் கை விட மட்டும் மனம் வரவில்லை. சாயங்காலம் வந்த அனுவிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சப்பென்று ஏதாவது ஒரு பதில் சொல்லி, இருக்கிற அவனையும் இல்லாமல் ஆக்கிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. தறிக்கூடத்து இடப்பக்க அலமாரியில், நூல் டப்பாக்களுக்கு நடுவே கேமராவை மறைத்து வைத்தாள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குக் கடையில் கூட்டம் குறைந்தது. அடுக்கிய புடவைகளுக்குப் பின்னால் போய் நின்று போனைத் திறந்தாள்.

தறிக்குழியில் அனு உட்கார்ந்திருந்தாள்.

மஹாலட்சுமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இப்படியா என்று பல்லைக் கடித்தாள். கூடவே ஏமாற்றமும். கடைசியில் பார்த்தால் மகள்தான், அவன் இல்லை. அனு குழிக்குள் குனிந்து அருளின் போனை எடுத்தாள், துப்பட்டாவில் துடைத்தாள், கையை நீட்டி வலப்பக்கப் பலகையில் வைத்தாள். பலகையின் விளிம்பு வரைக்கும்தான் கேமராவுக்குத் தெரிந்தது.

அனு மிதியை அழுத்தினாள். நாடாவை ஓட்டினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வலப்பக்கத்திலிருந்து கரை நாடா வழுக்கிக்கொண்டு வந்தது.

எழுந்துபோய்த் தானே தள்ளிவிட்டு வருகிறாளோ என்றால், பெண் இடத்தைவிட்டு அசையவே இல்லை. மறுபடி மிதி. மறுபடி நாடா. மறுபடி அந்தப் பக்கத்திலிருந்து பதில். பத்தொன்பது வருஷம் அந்த நாடாவைத் தள்ளியவளுக்கு அந்தத் தாளம் தெரியாதா? ஆனால் இது அவளுடைய தாளம் இல்லை. அவசரமான, கொஞ்சம் அதட்டலான தள்ளல். அனு அந்தப் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

மஹாலட்சுமி வலப்பக்க அம்புக்குறியைத் தொட்டாள். விர்ரென்று கேமரா திரும்பத் தொடங்கியது. பலகையின் ஒரு முனை உள்ளே வந்தது, அதன் மேல் அருளின் போன் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்கு அனு நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். பயப்படவில்லை. பலகைப் பக்கம் திரும்பி, வீட்டில் சாதாரணமாகப் பேசுகிற மாதிரியே சொன்னாள்.

“அப்பா, அம்மா பாக்குது.”

நாடா நின்றது. இன்னும் ஒரு தடவை தொட்டால் பலகை முழுதும் தெரிந்துவிடும். பார்த்தால் போய்விடுவானோ? மஹாலட்சுமி விரலை எடுத்துவிட்டாள்.

அனு மறுபடி மிதியை அழுத்தி நாடாவை ஓட்டினாள். பிறகு வலப்பக்கத்திலிருந்து நாடா வந்தது.

மஹாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைப் போனிலிருந்து வெங்கடேசனைக் கூப்பிட்டாள். நாளைக்கு வர வேண்டாம், தறி ஓடுகிறது என்றாள். யார் நெய்வது என்று அவர் கேட்டார். அனு என்றாள்.

“அது கோர்வையாச்சேம்மா. கூட உக்காந்துக்கினு இருக்கறது யாரு?”

“அவங்க அப்பாண்ணா.”

இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்துப் போனை வைத்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தாள். வெங்கடேசனோ, அருளை அறிந்தவர் கேட்கக்கூடிய ஒன்றை மட்டும் கேட்டார்.

“அவன் பக்கப் பலகையில உக்கார மாட்டானேம்மா.”

“உக்காந்திருக்காருண்ணா,” என்றாள் மஹாலட்சுமி. “பொண்ணுக்கோசரம்.”