இரண்டு காரணங்கள்

தாயம்மாள் ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு பள்ளியில் பதினேழு வருடம் சத்துணவு சமைத்தவள். அவளை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவை எதிர்த்து, மேல்முறையீட்டு மனு எழுதியவள் வக்கீல் மோகனப்ரியா.

உத்தரவு சொன்னது இது. சாம்பாரில் பல்லி விழுந்த நாளில் சமையலறைப் பொறுப்பு தாயம்மாளிடம் இருந்தது. பொறுப்பில் இருந்தவர் அண்டாவை மூடவில்லை. ஆகவே குற்றம் அவளுடையது. அதற்குக் கீழே இன்னொரு பத்தி: வேலைக்குச் சேரும்போது தெரிந்தே பொய்யான வயதுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறாள்.

அண்டா மூடப்படாததை மறுக்க முடியாது. ஆனால் அன்று தாயம்மாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. பொறுப்பே அவளிடம் இல்லையென்றால், மூடாதது அவள் தலையில் எப்படி விழும்? ஒன்று போனால் மற்றதும் போய்விடும். மோகனப்ரியா அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆறு பக்கம் எழுதினாள். உத்தரவின் கடைசியில் இருந்த வயதுச் சான்றிதழ் பத்தியையும் அதே சங்கிலியின் கண்ணியாகவே நினைத்துவிட்டாள்.

திருத்தணியில் விசாரணை நடந்தது. மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சரிங்க, அன்னைக்கு இவங்க இல்ல. ஒத்துக்கறேன். வயசு விஷயத்துக்கு மனுவுல ஒரு வரி கூட இல்லியே?"

"சார், முக்கியக் குற்றச்சாட்டே விழுந்துடுச்சே..."

"அது விழுந்தா இதுவும் விழணும்னு இல்லீங்களே. இது தனிக் காரணம். இது ஒண்ணே போதும் நீக்கறதுக்கு. உத்தரவு மதியத்துக்கு மேல."

மோகனப்ரியா உத்தரவின் கடைசிப் பத்தியை மறுபடி படித்தாள். வெளியே வந்து தாயம்மாளைப் பிடித்தாள்.

"அம்மா, வயசு தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"எனக்கு எங்கங்க தெரியும்? படிக்கத் தெரியாது. எங்க அண்ணன் எழுதிக்கினு வந்தாரு, கைநாட்டு வெச்சேன்."

சான்றிதழ் பொய் என்பது மட்டும் போதாது. தெரிந்தே கொடுத்தாள் என்பதும் சேர்ந்தால்தான் அந்தப் பத்தி நிற்கும். 'தெரிந்தே' என்ற அந்த ஓர் இடத்தில் தட்டினால் போதும். அந்த இடத்தை மோகனப்ரியா தொடவே இல்லை. முதல் காரணத்துக்காக எழுதிய ஆறு பக்கத்தில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை.

திரும்ப உள்ளே ஓடி, தாயம்மாளுக்கு அது பொய் என்றே தெரியாது என்று சொன்னாள்.

"மனுவுல எழுப்பாததை இப்ப எப்படிங்க கேக்கறது?" என்றார் அதிகாரி, கோபமில்லாமல். "விசாரணை முடிஞ்சிடுச்சு. மேல இருக்கறவங்ககிட்ட ரிவிஷன் மனு போடுங்க. அங்கயும் 'ஏன் முன்னாடியே சொல்லல'ன்னுதான் கேப்பாங்க."

மூன்று மணிக்கு உத்தரவு வந்தது. பல்லி விஷயத்தில் குற்றமில்லை. நீக்கம் உறுதி.

பஸ் ஸ்டாண்டில் தாயம்மாள் உத்தரவுத் தாளை மடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"நான் அன்னைக்கு இல்லன்னு ஒத்துக்கினாங்களா மேடம்?"

"ஆங், ஒத்துக்கினாங்க."

"அப்ப நாளைக்கு வேலைக்குப் போலாமா?"

"இல்லம்மா. நான்தான் இன்னொண்ணைக் கேக்காம விட்டுட்டேன்."

தாயம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். திட்டவில்லை. "நீங்க நல்லாத்தானே பேசினீங்க," என்றாள். ஆர்.கே.பேட்டை பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். மோகனப்ரியா அங்கேயே நின்றாள்.