மேற்குப் பாத்தித் தண்ணீர்

அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது எனக்கு வேலையில்லை. ஆனால் தங்கச்சிமடத்தில் என் மொட்டைமாடிக்கும் ஜோதிமேரி கட்டுகிற வீட்டின் மாடிக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. நான் கருவாடு காயவைக்கிறவள். காக்கைக்குக் காவல் இருக்க வேண்டும். காக்கையைப் பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்து மாடி தெரியத்தான் செய்யும்.

ஜோதிமேரியின் புருஷன் ஆன்டனி ராஜ் கத்தாரில் இருக்கிறான். அவன் அனுப்புகிற பணத்தில் வீடு எழும்புகிறது. கட்டுகிறவர் யோகலிங்கம். மண்டபம் அகதி முகாமிலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிற சிலோன்காரர். முகாமில் பாதிப் பேர் பெயின்ட் அடிக்கவும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள்தான். இவர் மேஸ்திரியாகி, முகாமில் தன் வீட்டு வரிசை ஆட்கள் எட்டுப் பேரை வைத்து மொத்தமாக வேலை எடுத்துச் செய்கிறார்.

நூறு ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். அதை நான் படிக்கவில்லை. ஜோதிமேரி படித்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். பணம் ஐந்து கட்டம். பேஸ்மட்டம் முடிந்தால் ஒன்று, லிண்டல் முடிந்தால் ஒன்று. மூன்றாவது, கூரை காங்கிரீட் போட்டு ஏழு நாள் தண்ணீர் நிறுத்தியதும் நாலு லட்சம். கட்டம் முடிந்ததென்று மேஸ்திரி எழுதிக் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர் மூன்று நாளைக்குள் ஏறிப் பார்க்க வேண்டும், குறையில்லை என்றால் பணத்தை விட வேண்டும். குறையிருந்தால் அது சரியாகும்வரை நிறுத்திவைக்கலாம். பூச்சும் கடைசி வேலையும் அப்புறம்.

ஒரு புதன்கிழமை காங்கிரீட் போட்டார்கள். வியாழக்கிழமை, காங்கிரீட் இறுகுவதற்காக, மாடி முழுக்கச் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, வயல் மாதிரி பன்னிரண்டு பாத்தி பிரித்து, நாலு விரல்கடைக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். தண்ணீர் வாவு முகம்மதுவின் டேங்கர் லாரியில் வந்தது. பகலெல்லாம் ராமேஸ்வரத்து லாட்ஜுகளுக்கு ஊற்றிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவர் இந்தப் பக்கம் வருவார். அதுவும் கடற்கரை ரோட்டு வழியாக வருவார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. படாததைப் படவில்லை என்று ஜோதிமேரியிடம் சொன்னேன்.

"ஏன் மேரி, நல்ல தண்ணி கொண்டாறவன் எதுக்குப் பொழுதடையவும் கடக்கரையில இருந்து வாரான்?"

"என்னக்கா சொல்றீக?"

"நான் ஒண்ணும் சொல்லல. உப்புத் தண்ணி பட்டா உள்ள கம்பி துருப்பிடிக்குமாம். பத்து வருசத்துல கூரை பொரிஞ்சு பொரிஞ்சு விழுமாம். பாம்பன்ல ஒரு வீடு அப்படித்தான் ஆயிப்போச்சுன்னு பேசிக்கிட்டாக."

எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை, எனக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை யோகலிங்கம் வேலைக்கு வரவில்லை. முகாமில் தணிக்கை நாளாம். அதிகாரி பேர் கூப்பிடும்போது அங்கே நிற்க வேண்டுமாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஆளைக் காணோம் என்பது மட்டும். அதையும் சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் மனுஷன் வந்துவிட்டார், கையில் கோடு போட்ட தாளோடு. 'மூன்றாம் கட்டத் தொகை கேட்டு' என்று தலைப்புப் போட்டு, முத்து முத்தான எழுத்தில், காங்கிரீட் போட்ட தேதி, சிமெண்ட் மூட்டைக் கணக்கு, தண்ணீர் நிறுத்திய நாட்கள் எல்லாம் எழுதியிருந்தார். டேங்கர் ரசீதுகளைக் குண்டூசியால் குத்தியிருந்தார்.

"அக்கா, ஒப்பந்தப்படி ஏழு நாள் முடிஞ்சுது. நீங்கள் ஏறிப் பாருங்கோ. சனிக்கிழமை பெடியளுக்குச் சம்பளம் குடுக்கோணும். அதுக்குள்ள விட்டியளெண்டால் உதவியாயிருக்கும்."

இவ்வளவு ஒழுங்காக எழுதிக் கொடுக்கிறவரை நம்பலாமா என்று எனக்கு யோசனை வந்தது. நம்மூர் ஆட்கள் பணம் கேட்டால் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கும். ஜோதிமேரி தாளைப் படமெடுத்துக் கத்தாருக்கு அனுப்பினாள். டேங்கர் விஷயத்தையும் சேர்த்துத்தான் அனுப்பியிருப்பாள். 'ஜோஸ்வாவக் கூட்டிப் போய்ப் பாரு. அவன் சரின்னா குடு' என்று பதில் வந்தது.

ஜோஸ்வா ஆன்டனி ராஜின் தம்பி. ராமநாதபுரத்தில் பாலிடெக்னிக் ஒரு வருஷம் படித்துவிட்டு விசைப்படகுக்குப் போய்விட்டவன். அந்த ஒரு வருஷத்தை இன்னும் செலவழித்து முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜோதிமேரி, ஜோஸ்வா, யோகலிங்கம் மூவரும் சாரத்து ஏணியில் ஏறினார்கள். நான் என் மாடியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருந்தது.

ஜோஸ்வா குனிந்து பார்த்தான், காலால் தட்டினான், விரிசல் ஏதாவது இருக்குமா என்று தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு என் மாடியை ஒட்டிய மேற்குப் பாத்தியில் விரலை விட்டு நாக்கில் வைத்துத் துப்பினான்.

"மதினி, உப்பு."

ஜோதிமேரியும் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

யோகலிங்கம் அசையாமல் நின்றார். "தம்பி, நான் கடல் தண்ணி பாவிக்கேல்லை. மற்றப் பாத்தியளையும் பாருங்கோ."

ஜோஸ்வா மற்ற பதினொன்றையும் நக்கினான். எல்லாம் நல்ல தண்ணீர். ஆனால் ஒரு வருஷப் படிப்புக்கு அது போதவில்லை.

"கடைசிப் பாத்திக்கு டேங்கர் தண்ணி பத்தியிருக்காது. இன்னொரு லோடுக்குக் காசு குடுக்கணுமேன்னு கடக்கரையில நாலு குடம் அள்ளி ஊத்தியிருக்கீரு. அப்படித்தான?"

"இல்லைத் தம்பி. ரசீது எல்லாம் இருக்குது."

"ரசீது யாரு வேணும்னாலும் எழுதலாம்யா. இந்தா பாரும், மீன் செதிலு மெதக்குது. டேங்கர்ல மீனா வளக்குறாக?"

செதிலை விரல்நுனியில் ஒட்டி எடுத்து, வெயிலில் காட்டினான். ஜோதிமேரி கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. இத நான் அவுகளுக்குச் சொல்லாம இருக்க முடியாது. பணத்தை இப்ப விட முடியாது."

"பிழையெண்டால் நிப்பாட்டுங்கோ அக்கா. ஆனா சம்பளக் காசை மட்டுமாவது விடுங்கோவன். அந்த எட்டுப் பேரும் என்ர வரிசையில, பக்கத்துப் பக்கத்து வீடு. நாளைக்கு நான் எந்த முகத்தோட முகாமுக்குள்ள போறது?"

"ஒரு ரூவா விடக் கூடாது மதினி. விட்டா கட்டத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றான் ஜோஸ்வா. அதில் மட்டும் அவன் சொன்னது சட்டம்தான்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்கலாம், கேட்க ஆள் இல்லை.

கட்டா மீனைக் கீறி உப்பில் போட்டு ஒரு நாள் ஊறவைத்தால், காயப்போடுவதற்கு முன்னால் மேல் உப்பு போக நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலச வேண்டும். எங்கள் தெருக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். கைக்கெட்டும் தூரத்தில், ஒரு மாடி நிறைய நல்ல தண்ணீர் சும்மா கிடந்து வெயிலில் ஆவியாகிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆளும் இல்லை. சுவரைத் தாண்டி, அந்த ஓரப் பாத்தியில், இரண்டு தொட்டி மீனை அலசினேன். தண்ணீர் குறையவில்லை. இருந்த தண்ணீர் இருந்தபடியேதான் இருந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

யோகலிங்கம் செதிலைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என் மாடியில் வரிசையாகக் கிடந்த கட்டாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்டிருந்தால் நான் இல்லையென்று சாதித்திருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அந்த மனுஷன் ஏணியைப் பார்த்து நடந்தார். ஊர்க்காரியைக் கை காட்டினால் முகாம்காரன் பேச்சு எடுபடாது என்று கணக்குப் போட்டிருப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஏலே ஜோஸ்வா, இங்கன வா. இந்தக் கருவாட்ட மோந்து பாரு."

"எதுக்குச் சின்னம்மா?"

"அந்தச் செதிலுக்கு அம்மா அப்பன் இங்கனதான் காயுது. செவ்வாக்கெழம நான்தான் அங்கன அலசுனேன்."

மூவரும் நின்றார்கள். ஜோதிமேரிதான் முதலில் பேசினாள்.

"பிரெசில்லாக்கா, டேங்கரு கடக்கரையில இருந்து வருதுன்னு சொன்னது நீங்கதான?"

"வருதுன்னுதான் சொன்னேன். உப்புன்னா சொன்னேன்?"

"எம் புருசன் நேத்து ராத்திரி பூரா அங்க தூங்கல."

"நல்ல தண்ணிதான் மேரி. வியாழக்கெழம அடைச்சதுல இருந்து ஒரு நாள்கூட வத்த விடல. காலையில ஆறரைக்கு ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா ஊத்துனாக. செவ்வாக்கெழமகூட அவரு வரலன்னாலும் ஒரு பையன் வந்து ஊத்திட்டுப் போனான். டேங்கரு மொத்தம் அஞ்சு நடை. ரசீது அஞ்சு இருக்கா, எண்ணிப் பாரு."

அவள் மடித்த தாளைப் பிரித்து எண்ணினாள். அஞ்சு இருந்தது.

ஜோஸ்வாவுக்குத் தோற்க மனசில்லை. "உப்பு பட்டது பட்டதுதான? கம்பிக்கு ஆகாதுல்ல?"

யோகலிங்கம் திரும்பி வந்தார். "அது சரி தம்பி. அதைக் கழுவத்தான் வேணும்." அந்தப் பாத்தியின் வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டு, நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்து, மூன்று தடவை கழுவினார். ஒவ்வொரு தடவையும் ஜோஸ்வா நக்கிப் பார்த்தான். மூன்றாவது தடவை துப்பவில்லை. மறுபடி வரப்புக் கட்டிய பிறகு, யோகலிங்கம் தன் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'மேற்குப் பாத்தியில் அயலவரால் உப்பு கலந்தது, வீட்டுக்காரர் முன்னிலையில் கழுவி, மேலும் மூன்று நாள் தண்ணீர் நிறுத்தப்படும்.' அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டுமென்றார். அயலவர் என்று மரியாதையாக எழுதியிருந்ததால் போட்டேன். கழுவின தண்ணீருக்கு அறுநூறு ரூபாயும் என் தலையில்தான் விழுந்தது. ஜோதிமேரி அதைக் கேட்டு வாங்கினாள்.

ஜோஸ்வா சரியென்றதும், நாலு லட்சமும் அன்று மாலையே அவர் கணக்குக்குப் போனது. சனிக்கிழமை எட்டுப் பேரும் சம்பளம் வாங்கிக்கொண்டு சிரித்தபடி லாரியேறியதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஜோதிமேரி ஒப்பந்தத்தில் இல்லாத வேலை ஒன்றைச் சொன்னாள். என் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஆளுயரத்துக்கு எழுப்ப வேண்டும். யோகலிங்கம் அதற்குத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுப்பினார். மழைத் தண்ணீர் போக அடியில் ஒரு ஓட்டை விட்டிருந்தார். பாயை விரித்துப் படுத்தால் அதன் வழியாக ஓரளவு தெரிகிறது.

போன வாரம் பூச்சு முடிந்து நாலாம் கட்டத்துக்குத் தாள் வந்தது. பூசிய சுவருக்கும் ஏழு நாள் தண்ணீர் அடிக்க வேண்டும். ஜோதிமேரி ஒரு மாதமாக என்னோடு பேச்சில்லை. அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"யக்கா, எத்தன நாளு தண்ணி அடிச்சாக?"

"ஆறு. ஞாயித்துக்கெழம அடிக்கல" என்றேன்.

"அக்கா, ஞாயிறு மழையெல்லோ" என்றது யோகலிங்கத்தின் குரல்.

மழை பெய்தது உண்மைதான். ஆனால் கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்த மழை. மேற்குச் சுவர் நனையவேயில்லை. அதையும் சொன்னேன்.