விட்ட மார்க்

நல்லது செய்வதாக நினைத்துத்தான் கணக்கு டீச்சர் அறிவித்தார்: ஐந்து தேர்வில் குறைந்த மார்க்கை விட்டுவிட்டு, மீதி நான்குக்கு மட்டும் சராசரி.

வகுப்பிலிருந்த இரட்டையரில் தங்கை நான்கில் தலா எண்பது வாங்கியிருந்தாள். தூங்கி வழிந்த தேர்வில் முட்டை. அவளுடைய சராசரி அறுபத்து நான்கிலிருந்து எண்பதாக எகிறியது. ஐந்திலும் எழுபது வாங்கிய அக்கா இம்மியும் நகரவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் மிஸ் ஏறல?"

"விட்ட மார்க்குக்கும் மீதி சராசரிக்கும் உள்ள வித்தியாசத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஏறும். உனக்கு வித்தியாசமே இல்லையேம்மா."

"கடைசி டெஸ்ட்ல நானும் முட்டை வாங்கியிருந்தா?"

டீச்சர் மனக்கணக்குப் போட்டார். "அப்பவும் எழுபதுதான்."

"அப்போ அதுக்கு எதுக்கு மிஸ் ரெண்டு நாள் டிவி பாக்காம படிச்சேன்?"

டீச்சர் டஸ்டரைத் தேடினார்.